காய்ச்சல் இறங்கினால் போதுமா?

அரசு மருத்துவமனை வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தாள் இருக்கும். நர்ஸ்கள் அதை டி.பி.ஆர். சார்ட் என்பார்கள். வெப்பநிலை, நாடி, மூச்சு ஆகிய மூன்றையும் ஒரே தாளில், ஒரே நேரக் கோட்டின் கீழ் குறித்து வைப்பார்கள். தனித்தனித் தாள் போடாமல் மூன்றையும் ஒன்றாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் அது பாதிதான் சொல்லும். சில நேரம் தப்பாகவும் சொல்லும்.

வீட்டில் நாம் பார்ப்பது வெப்பநிலையை மட்டும்தான். "நூத்தி ரெண்டு இருந்துச்சு, மாத்திரை போட்டதும் தொண்ணூத்தொம்பதுக்கு வந்துடுச்சு" என்று நிம்மதி அடைகிறோம். நாடியைப் பி.பி. மெஷின் காட்டினால் பார்ப்போம். மூச்சை எண்ணுகிற வீடு அனேகமாகக் கிடையாது. ஆனால் வயதுவந்த ஒருவரின் உடல்நிலை மோசமாகப் போகிறது என்பதை இந்த மூன்றில் பெரும்பாலும் முதலில் காட்டுவது மூச்சுதான். காய்ச்சல் இறங்குகிற அதே நேரத்தில் நோய் ஏறிக்கொண்டே போகலாம் என்பதையும் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றையும் எண்ண ஒரு தெர்மாமீட்டரும் விநாடி முள் உள்ள கடிகாரமும் போதும். ஆனால் எண்ணுகிற முறை சரியாக இருக்க வேண்டும். தப்பாக எடுத்த அளவு, எடுக்காமல் விட்டதைவிடக் கெடுதல். அது பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும்.

முதலில் நாடி

அளப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடமாவது அவர் உட்கார்ந்தோ படுத்தோ ஓய்வாக இருக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவர், கழிவறைக்கு நடந்துவிட்டு வந்தவர், இப்போதுதான் காபி குடித்தவர், சண்டை போட்டு முடித்தவர், இவர்களுடைய நாடியும் மூச்சும் நோயைச் சொல்லாது; அந்த நேரத்து வேலையைத்தான் சொல்லும்.

வயதுவந்தவர்களுக்கு நாடி பார்க்க நல்ல இடம் மணிக்கட்டு. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தால், கட்டைவிரல் பக்கமாக எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் தெரியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் அங்கே மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதில் உங்கள் நாடியே நன்றாகத் துடிக்கும். அவருடையது என்று நினைத்து உங்களுடையதை எண்ணிவிடுவீர்கள். அழுத்திப் பிடிக்கவும் கூடாது. அழுத்தினால் ரத்தக்குழாய் மூடிக்கொண்டு துடிப்பே தெரியாது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையாக இருந்தால் மற்றக் கையில் பாருங்கள்.

எண்ணத் தொடங்கும் முன் ஒரு பத்து விநாடி சும்மா கவனியுங்கள். துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா? சீராக இருந்தால் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். விட்டு விட்டு வந்தாலோ, தாறுமாறாக இருந்தாலோ முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற பழக்கம் வேண்டாம். ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் நான்கு தவறும்.

எண்ணிக்கையோடு சீரையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தாளக்கட்டும் இல்லாமல், ஒன்று பலமாக, அடுத்தது மெலிதாக, இடைவெளி ஒவ்வொரு முறையும் வேறாக நாடி வந்தால், அது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். வயதானவர்களிடம் இது அதிகம். வலி இருக்காது, பலருக்குப் படபடப்புகூட இருக்காது. ஆனால் இதயத்துக்குள் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓர் ஈ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும். இந்த நிலையில் இதயத்தின் எல்லாத் துடிப்பும் மணிக்கட்டுவரை வந்து சேராது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை இடது மார்பில் வைத்து இதயத்துடிப்பை எண்ணுவார். அதே நிமிடத்தில் இன்னொருவர் மணிக்கட்டில் எண்ணுவார். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் சார்ட்டில் எழுதுவார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் பி.பி. மெஷினும் காட்டுகிற நாடி எண்ணிக்கையை இவர்களிடம் நம்ப முடியாது. கையால்தான் எண்ண வேண்டும்.

கழுத்தில் பார்க்கும் நாடி, ஒருவர் மயங்கிக் கிடக்கும்போது பார்ப்பதற்கானது. அப்போதும் ஒரு பக்கம் மட்டும்தான் தொட வேண்டும். வயதானவர்களின் கழுத்தை அமுக்கினால் அங்குள்ள நரம்பு தூண்டப்பட்டு நாடி திடீரென்று குறைந்து மயக்கம் வரலாம்.

கையை எடுக்காமல் மூச்சு

மூச்சை எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. நாடியை நாம் நினைத்தபடி மாற்ற முடியாது. மூச்சை மாற்ற முடியும். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னதுமே அவருக்குத் தன் மூச்சின்மேல் கவனம் போய்விடும். உடனே ஆழமாக, மெதுவாக விடத் தொடங்குவார். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அனுபவமுள்ள நர்ஸ்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "அம்மா, நாடி பார்க்கிறேன், பேசாம இருங்க" என்று சொல்லி மணிக்கட்டைப் பிடிப்பார்கள். அந்தக் கையை அவருடைய மார்பின்மீதோ வயிற்றின்மீதோ வைத்துக்கொள்வார்கள். நாடி எண்ணி முடித்ததும் விரலை எடுக்கமாட்டார்கள். நாடி பார்ப்பதுபோலவே இருந்துகொண்டு, கை ஏறி இறங்குவதை எண்ணத் தொடங்குவார்கள். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்து ஒரு மூச்சு. போர்வை கனமாக இருந்தால் அசைவு தெரியாது, விலக்கிவிட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதும் சாப்பிடும்போதும் எண்ணக் கூடாது.

இதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வில் இருக்கும் வயதுவந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறைதான் மூச்சு விடுவார். எண்ணே இவ்வளவு சிறியது என்பதால் கால் நிமிடத்தில் எண்ணினால் மூன்று, நான்கு, ஐந்துதான் வரும். அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும், இயல்பானவர் நோயாளியாகவும் நோயாளி இயல்பானவராகவும் மாறிவிடுவார். நெரிசலான வார்டுகளில் இந்த ஒரு நிமிடம்தான் கிடைக்காது. அதனால் எண்ணாமலேயே எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று எழுதிவிடுகிற வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. ஒரு சார்ட்டில் மூன்று நாளாக மூச்சு 20, 20, 20 என்றே இருந்தால் அனுபவமுள்ள மருத்துவர் அதை நம்பமாட்டார்; தானே எண்ணிப் பார்ப்பார்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நுரையீரலில் சளி கட்டி ஆக்சிஜன் குறைந்தாலும், கிருமித்தொற்று ரத்தத்தில் பரவினாலும், சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறினாலும், உடல் முதலில் செய்கிற ஈடு மூச்சைக் கூட்டுவதுதான். அந்த ஈடு நடந்துகொண்டிருக்கும்வரை ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டலாம். 97 என்று பார்த்துவிட்டு நாம் சும்மா இருந்துவிடுவோம். அந்த 97-ஐத் தக்கவைக்க அவர் நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதை ஆக்சிமீட்டர் சொல்லாது.

எண்ணும்போது மூச்சின் தன்மையும் கண்ணில் படும். கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்குகிறாரா என்று பாருங்கள். ஓடிவிட்டு வந்தவரைப்போல ஆழமாகவும் வேகமாகவும் இடைவிடாமல் மூச்சு வந்தால், அதுவும் சர்க்கரை நோயாளியிடம் வந்தால், அது ரத்தத்தில் அமிலம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874-இல் விவரித்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது. எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. தூக்க மாத்திரையோ மார்ஃபின் வகை வலி மருந்தோ எடுத்தவர் நிமிடத்துக்கு எட்டு முறையோ அதற்கும் குறைவாகவோ மூச்சு விட்டால், அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. தட்டி எழுப்ப வேண்டும். எழவில்லை என்றால் அது அவசர நிலை.

தெர்மாமீட்டர் எங்கே?

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தால் சுடுகிறதா இல்லையா என்பது ஓரளவு தெரியும், எண் தெரியாது. எண் வேண்டுமென்றால் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நினைவு தெளிவாக உள்ள, வாயை மூடி மூக்கால் மூச்சு விடக்கூடிய பெரியவருக்கு வாய் நல்ல இடம். தெர்மாமீட்டரின் முனை நாக்கின் நுனிக்குக் கீழே இருந்தால் போதாது. நாக்கின் அடியில், பின்பக்கமாக, நடுக்கோட்டுக்கு இடதோ வலதோ ஒரு குழிவு இருக்கிறது. ரத்த ஓட்டம் நிறைந்த அந்த இடத்தில்தான் முனை படிய வேண்டும். முன்பக்கம் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது குடித்திருந்தால் 20 நிமிடமாவது பொறுங்கள். காய்ச்சல்காரருக்குச் சுடச்சுடக் கஞ்சி கொடுத்துவிட்டு உடனே அளந்து பதறுவதும், ஐஸ் தண்ணீர் குடித்தவரை அளந்து நிம்மதி அடைவதும் நம் வீடுகளில் நடப்பவைதான்.

மயக்கத்திலும் குழப்பத்திலும் இருப்பவர், வலிப்பு வரக்கூடியவர், குளிரில் பல் கிட்டிக்கொண்டிருப்பவர், மூக்கடைத்து வாயால் மூச்சு விடுபவர் ஆகியோருக்கு வாயில் வைக்கக் கூடாது. வாயால் மூச்சு விடும்போது உள்ளே போகும் காற்று வாயைக் குளிர்விக்கும். மூச்சு வேகமாக இருப்பவர்களிடமும் வாயில் எடுக்கும் அளவு உண்மையைவிடக் குறைவாக வரக்கூடும். அதாவது ஒருவருக்கு மூச்சு எவ்வளவு மோசமாகிறதோ, அவ்வளவுக்கு வாயில் வைக்கும் தெர்மாமீட்டர் காய்ச்சலை மறைக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்க்க இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அக்குள் பாதுகாப்பான இடம். ஆனால் அலட்சியமாக எடுத்தால் அளவு தப்பும். வியர்வையைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தோல் சூடேறும். முனை அக்குளின் நடுக்குழியில் தோலோடு தோலாகப் பதிய வேண்டும். சட்டைத் துணி நடுவில் வரக் கூடாது. கையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெலிந்த முதியவர்களுக்கு அங்கே காற்று புகும் இடைவெளி இருக்கும் என்பதால் நாமே கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. பழைய பாதரச தெர்மாமீட்டர் என்றால் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். டிஜிட்டல் என்றால் பீப் ஒலிக்கும்வரை, அல்லது அட்டையில் சொல்லியிருக்கும் நேரம்வரை.

அக்குள் அளவு வாய் அளவைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் எல்லாருக்கும் எப்போதும் ஒன்றல்ல. ஆகவே நீங்களாக ஒரு டிகிரி கூட்டி எழுத வேண்டாம். வந்த எண்ணை அப்படியே எழுதி, பக்கத்தில் "அக்குள்" என்று குறியுங்கள். காலையில் வாயில், மாலையில் அக்குளில் என்று மாற்றி மாற்றி எடுத்தால் காய்ச்சல் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாமல் போகும். ஒரு நோயாளிக்கு ஒரே இடம், ஒரே கருவி.

கொரோனா காலத்தில் பரவிய நெற்றித் துப்பாக்கி தோலின் வெப்பத்தைத்தான் பிடிக்கிறது. வியர்வை, மின்விசிறி, ஏ.சி., வெயில் எல்லாம் அதை ஏமாற்றும். வாசலில் கூட்டத்தைச் சலித்துப் பார்க்க அது பயன்படலாம். படுக்கையில் இருப்பவரைத் தொடர்ந்து கவனிக்க அதை நம்ப வேண்டாம்.

98.6 ஒரு கோடு அல்ல

ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ், ஏறத்தாழ 25,000 பேரிடம் அக்குளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 1868-இல் வெளியிட்டார். 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் அங்கிருந்துதான் நம்மிடம் வந்தது. 1992-இல் அமெரிக்காவில் நலமுள்ள பெரியவர்களின் வாயில் அளந்து பார்த்தபோது சராசரி 98.2 ஆக இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி வேறு. விடிகாலை ஆறு மணிவாக்கில் உடல் வெப்பம் தாழ்ந்தும், மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் உயர்ந்தும் இருக்கிறது. நலமாக உள்ளவர்களுக்கே காலையில் 98.9, மாலையில் 99.9 வரை வரலாம் என்று அந்த ஆய்வு சொன்னது. மாலை 99.4 இயல்பாக இருக்கக்கூடும், விடிகாலை 99.4 கவனிக்க வேண்டியது. எண்ணின் பக்கத்தில் நேரத்தை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

முதியவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர்களின் வழக்கமான வெப்பமே 97-ஐ ஒட்டி இருக்கலாம். கடும் தொற்றிலும் 100-ஐத் தாண்டாமல் இருக்கலாம். அதனால் அவர்களிடம் வாயில் 100-க்கு மேல் வந்தாலோ, வழக்கத்தைவிட இரண்டு டிகிரி கூடினாலோ அதைக் காய்ச்சலாக எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கம் என்ன என்று தெரிந்தால்தானே கூடியது தெரியும்? உடம்பு நன்றாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் அளந்து எழுதி வைத்திருந்தால் அது பின்னால் பெரிய உதவி.

நாடிக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது பாடப்புத்தகக் கணக்கு. நன்றாக உடற்பயிற்சி செய்கிறவருக்கு 50 இயல்பாக இருக்கலாம். வழக்கமாக 68 இருப்பவருக்கு ஓய்வில் 98 என்பது எல்லைக்குள் இருந்தாலும் இயல்பல்ல.

சேர்த்துப் படிக்கும்போது

சாதாரணக் காய்ச்சலில் மூன்றும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் நாடி சுமார் பத்துத் துடிப்பு கூடும் என்பது மருத்துவ மாணவர்கள் கற்கும் பழைய கைக்கணக்கு. துல்லியமான விதியல்ல, ஆனால் எதிர்பார்க்க வேண்டிய எண் எது என்று சொல்லும். சார்ட்டில் கவனிக்க வேண்டியது, இந்தச் சேர்க்கை எங்கே குலைகிறது என்பதைத்தான்.

காய்ச்சல் 103, நாடி 88 என்று வந்தால் நாடி பின்தங்கியிருக்கிறது. டைஃபாய்டில் இப்படி வரலாம் என்பது பழைய பாடம். ஆனால் இன்று முதலில் கேட்க வேண்டியது, அவர் பி.பி.க்கோ இதயத்துக்கோ அட்டெனொலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை. அவை நாடியைக் கட்டி வைக்கும். அப்படிப்பட்டவர்களிடம் நாடி ஏறவில்லை என்பது ஆறுதலே அல்ல. மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இதற்கு எதிரான குலைவு இன்னும் ஆபத்தானது. வெப்பம் இறங்குகிறது, நாடி ஏறுகிறது. டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அந்த ஒன்றிரண்டு நாள்தான் பலருக்கு நெருக்கடியான கட்டம்; ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் மகிழும் அதே வேளையில் நாடி வேகமாகவும் மெலிவாகவும் ஆகும், கைகால் சில்லிடும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது. டெங்குக் காலத்தில் காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் நாடி பார்ப்பது அவசியம்.

முறைக் காய்ச்சல், படிப்படியாக ஏறும் காய்ச்சல், மாலைக் காய்ச்சல் என்றெல்லாம் வரைபடத்தைப் பார்த்து நோயின் பெயர் சொன்ன காலம் இருந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் குளிரோடு வரும் மலேரியா அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். இப்போது ஆறு மணிக்கொரு முறை பாராசிட்டமால் போடுகிறோம்; ஆன்டிபயாட்டிக்கும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. வரைபடம் நோயைவிட மாத்திரை நேரத்தைத்தான் காட்டுகிறது. அதனால் வீட்டுக் குறிப்பில் மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த மாத்திரைக்கு முன்னால் அளவெடுங்கள்.

ஒரு சார்ட்டைப் படிப்போம்

இது விளக்கத்துக்காக அமைத்த உதாரணம். ஆனால் எந்த மருத்துவருக்கும் பழகிய கதை. எழுபத்திரண்டு வயது அம்மா ஒருவர். இதய மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. நலமாக இருக்கும்போது வெப்பம் 97.6, நாடி 74, மூச்சு 16. சளியும் இருமலும் பிடித்திருக்கிறது. மகள் குறித்து வைத்தவை இவை:

ஞாயிறு மாலை 6 மணி: வாயில் 100.4, நாடி 92, மூச்சு 18.
திங்கள் மாலை 6 மணி: வாயில் 101.2, நாடி 104, மூச்சு 22.
செவ்வாய் காலை 8 மணி: வாயில் 98.8, நாடி 112, மூச்சு 28. ஆறு மணிக்குப் பாராசிட்டமால் போட்டது. காபி வேண்டாம் என்கிறார். என்ன கிழமை என்று தெரியவில்லை.

வெப்பத்தை மட்டும் படித்தால் 100.4, 101.2, 98.8. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. "அம்மா களைப்பாகத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம்" என்று வீடு முடிவு செய்யும்.

இப்போது சேர்த்துப் படியுங்கள். ஞாயிறன்று வெப்பம் வழக்கத்தைவிட 2.8 டிகிரி கூடியிருக்கிறது. கைக்கணக்குப்படி நாடி 100-ஐ ஒட்டி இருக்கலாம், 92 இருக்கிறது. மூச்சு கிட்டத்தட்ட வழக்கம்போல. இது சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம். திங்களன்று மூச்சு 20-ஐத் தாண்டிவிட்டது. வழக்கத்தைவிட ஆறு கூடுதல். காய்ச்சலும் மூச்சைச் சற்றே கூட்டும். ஆனால் இருமலோடு வந்த இந்த ஏற்றம் நுரையீரலைப் பார்க்கச் சொல்கிறது. மருத்துவரிடம் போக வேண்டிய நாள் அதுதான்.

செவ்வாயன்று வெப்பம் 98.8. அவருடைய வழக்கத்தைவிட ஒரு டிகிரிக்குச் சற்றே கூடுதல். நாடி 86 வாக்கில் இருந்திருக்க வேண்டும், 112 இருக்கிறது. மூச்சு 28. வெப்பம் இறங்கியதற்கு மூன்று காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன: இரண்டு மணி நேரத்துக்கு முன் போட்ட மாத்திரை, காலை நேரம், வேகமாக மூச்சு வாங்கும் வாயில் வைத்த தெர்மாமீட்டர். நோய் குறைந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. கிழமை தெரியாத குழப்பத்தை வயோதிகத்தின் மறதி என்று எண்ணக் கூடாது. நேற்றுவரை தெளிவாக இருந்தவருக்கு இன்று புதிதாக வந்த குழப்பம் அது.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் உருவாக்கி 2017-இல் திருத்திய ஒரு மதிப்பெண் முறை ஆஸ்பத்திரிகளில் புழங்குகிறது. ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நினைவுநிலை உள்பட ஒவ்வோர் அளவுக்கும் அது பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடும். மொத்தம் ஐந்து வந்தால் மருத்துவர் அவசரமாகப் பார்க்க வேண்டும். ஏழு வந்தால் அவசர சிகிச்சைக் குழு. இந்த அம்மாவின் வெப்பம், நாடி, மூச்சு மூன்றுக்கு மட்டும் போட்டால் ஞாயிறு ஒன்று, திங்கள் நான்கு, செவ்வாய் ஐந்து. புதிய குழப்பத்துக்கு இன்னொரு மூன்று சேர்த்தால் எட்டு. காய்ச்சல் மிகக் குறைவாக இருந்த நாளில்தான் மதிப்பெண் மிக அதிகம். அந்த ஐந்தில் மூன்று, மூச்சுக்கு மட்டும் கிடைத்தது, வெப்பத்துக்குப் பூஜ்யம். இப்படி வருகிறவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிவது நிமோனியா.

எப்போது கிளம்ப வேண்டும்?

ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு மூச்சு 25 அல்லது அதற்கு மேல் வந்தால், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முழு நிமிடம் எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 21 முதல் 24 வரை இருந்து, கூடவே காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு எட்டோ அதற்குக் குறைவோ, ஓய்வில் நாடி 130-க்கு மேல், அல்லது 40-ஐ ஒட்டி இருந்து தலைசுற்றல், புதிய குழப்பம், உதடு நீலம், வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு, 95 டிகிரிக்குக் கீழே போன உடல் வெப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். நாடியும் மூச்சும் ஏறிக்கொண்டே போக வெப்பம் மட்டும் இறங்கினால் அதைக் குணம் என்று எண்ண வேண்டாம்.

போகும்போது நீங்கள் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். தேதி, நேரம், வெப்பம், அளந்த இடம், நாடி, அது சீரா இல்லையா, மூச்சு, மாத்திரை போட்ட நேரம் என்று ஒரு வரிக்கு எட்டுக் குறிப்பு போதும். மருத்துவர் அவரைப் பார்ப்பது ஐந்து நிமிடம்; மூன்று நாளாக என்ன நடந்தது என்பது உங்கள் கையில் உள்ள அந்தத் தாளில்தான் இருக்கிறது.